பினாங்கில் வேலை நாள், கோலாலம்பூரில் விடுமுறை: வாடகைப் பணம் எங்கே நின்றது?

புதிதாக வங்கிக் கணக்கு திறந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என் கணக்குல காசு கழிஞ்சிடுச்சு, அவங்களுக்குப் போய்ச் சேரல. அப்போ நடுவுல காசு எங்க இருக்கு?" நியாயமான கேள்விதான். பதில் தெரியாவிட்டால் பயமும் வரும், சண்டையும் வரும். நான் பிறையில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஓட்டுநர்களின் சம்பளம், டயர் கடைக்குக் கட்டுவது, டீசல் பில் என்று தினமும் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்புவதுதான் என் வேலை. என் அக்கா மகளுக்கு நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். வங்கி விடுமுறை, அன்றைய பணத்தை ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரமான கட்-ஆஃப் இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பது அதில் முழுதாகத் தெரியும்.

அவள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சுங்கை நிபோங்கில் ஓர் அறை, மாத வாடகை 400 ரிங்கிட். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி வாடகை வந்துவிட வேண்டும் என்று வீட்டுக்கார ஆன்ட்டி முதலிலேயே சொல்லியிருந்தார். ஆன்ட்டியின் கணக்கு வேறு வங்கியில்.

2024-ஆம் ஆண்டு ஜனவரி 31, புதன்கிழமை. வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் வரும்போது, மாலை 6.20-க்குக் கைப்பேசியில் வாடகையை அனுப்பினாள். வங்கி ஆப் அவளுக்கு இரண்டு வழிகளைக் காட்டியது. ஒன்று DuitNow Transfer, இன்னொன்று Interbank GIRO. கூடத் தங்கியிருக்கும் தோழி இரண்டாவதைத்தான் பயன்படுத்துவாளாம், இவளும் அதையே தட்டினாள். திரையில் Successful என்று வந்தது. கணக்கில் 400 ரிங்கிட் குறைந்தது. ரசீதைப் படமாக ஆன்ட்டிக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை மதியம் ஆன்ட்டியிடமிருந்து செய்தி. "என்னம்மா, காசு இன்னும் வரலியே." சாயங்காலம் மறுபடியும் ஒன்று. இந்த முறை தொனி மாறியிருந்தது. ஆன்ட்டி அன்று நேரில் தன் வங்கிக் கிளைக்கே போய்ப் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்திருக்கிறார். கிளை வழக்கம்போலத் திறந்திருந்தது, கவுண்டரில் கூட்டம் இருந்தது. அங்கிருந்த பெண், "உங்கள் பெயருக்கு எதுவும் வரவில்லை" என்று சொல்லிவிட்டார். போலி ரசீது காட்டி ஏமாற்றும் கதைகள் ஊரெல்லாம் நிறைய. ஆன்ட்டி சந்தேகப்பட்டதில் தவறில்லை.

இவள் என்னைக் கூப்பிடும்போது குரல் உடைந்திருந்தது. "சித்தி, நான் இன்னொரு தடவை அனுப்பிடவா?" என்றாள். வேண்டாம் என்றேன். ரசீதில் அனுப்பிய வகை என்று என்ன போட்டிருக்கிறது, நேரம் என்ன என்று மட்டும் கேட்டேன். Interbank GIRO, மாலை 6.20. "சரி, நாளைக்குக் காலையில 11 மணி வரைக்கும் பொறு, ஆன்ட்டிகிட்ட நான் பேசுறேன்" என்றேன். வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்குள் பணம் ஆன்ட்டியின் கணக்கில் ஏறிவிட்டது.

இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அந்த ரசீதில் இருந்த இரண்டு விவரங்களும் ஒரு நாட்காட்டியும் போதும், யாராலும் அந்த நேரத்தைச் சொல்லிவிட முடியும். எப்படி என்று பார்ப்போம்.

இன்டர்பேங்க் ஜைரோ, சுருக்கமாக ஐபிஜி, பணத்தைத் தனித்தனியாகக் கொண்டுபோவதில்லை. பட்டர்வொர்த் ஃபெரியை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஜெட்டிக்கு வந்த நிமிடமே அது கிளம்பாது. அதற்கென்று நேரம் இருக்கிறது, அதுவரை வந்தவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போகும். கடைசி ஃபெரியைத் தவறவிட்டால் மறுநாள்தான். ஐபிஜி-யில் வேலை நாட்களில் இப்படி ஐந்து சுற்றுகள் இருக்கின்றன. விடியற்காலை 5 மணிக்குள் அனுப்பியது காலை 11 மணிக்குள் சேரும். 8 மணிக்குள் அனுப்பியது பிற்பகல் 2 மணிக்குள். 11 மணிக்குள் அனுப்பியது மாலை 5 மணிக்குள். பிற்பகல் 2 மணிக்குள் அனுப்பியது இரவு 8.20-க்குள். மாலை 5 மணிக்குள் அனுப்பியது இரவு 11 மணிக்குள். இந்த நேரங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சுற்று மூடியதிலிருந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம், கடைசிச் சுற்று மாலை 5 மணிக்கு மூடும். இவ்வளவு நினைவிருந்தால் போதும். 'சேரும்' என்று சொல்வது அதிகபட்ச நேரம், பல நாட்களில் அதற்கு முன்பே வந்துவிடும். சில வங்கிகள் தங்கள் பக்கத்துக் கதவைக் கொஞ்சம் முன்னதாகவே மூடுவதும் உண்டு. அதனால் உங்கள் ஆப்பில் அனுப்பும் பக்கத்தின் கீழே சிறிய எழுத்தில் இருப்பதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மாலை 5 மணிக்கு மேல் அனுப்பியதெல்லாம் அடுத்த வேலை நாளின் முதல் சுற்றில் சேர்ந்துவிடும். அந்தச் சுற்றின் பணம் காலை 11 மணிக்குள் வரும். அதாவது புதன் மாலை 5.10-க்கு அனுப்பினாலும், இரவு 11-க்கு அனுப்பினாலும், வியாழன் விடியற்காலை 4 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அனுப்பினாலும் வந்து சேரும் நேரம் ஒன்றுதான். நடுராத்திரியில் பதற்றப்பட்டு அனுப்புகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது. தூங்குங்கள், காலை 5 மணிக்குள் என்றால் எல்லாம் ஒரே சுற்று.

அந்தக் கணக்கில் என் அக்கா மகள் அனுப்பிய பணம் வியாழன் காலை 11 மணிக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. இங்கேதான் விடுமுறை நுழைகிறது.

2024 பிப்ரவரி 1, வியாழக்கிழமை, கூட்டரசுப் பிரதேச தினம். கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் மூன்றுக்கும் பொது விடுமுறை. பினாங்குக்கு அது சாதாரண வேலை நாள். தொழிற்சாலை ஓடியது, பள்ளிக்கூடம் நடந்தது, ஆன்ட்டி போன வங்கிக் கிளையும் திறந்திருந்தது. ஆனால் ஐபிஜி பார்ப்பது பினாங்கின் நாட்காட்டியை அல்ல. மலேசியாவில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு அனுப்பினாலும், அதற்கு வேலை நாள் என்பது திங்கள் முதல் வெள்ளி வரை, கூட்டரசுப் பிரதேசத்தின் பொது விடுமுறைகள் நீங்கலாக. கோலாலம்பூர் மூடியிருந்தால் சுற்று கிடையாது. சுங்கை நிபோங்கிலிருந்து ஜெலுத்தோங்குக்கு, ஒரே தீவுக்குள் அனுப்பினாலும் அதே கதைதான்.

ஏன் இப்படி என்று அக்கா மகள் கேட்டாள். ஒரு சுற்றில் ஏறும் பணம் ஒவ்வொரு கணக்காகக் கை மாறுவதில்லை. எல்லா வங்கிகளின் உத்தரவுகளும் பேநெட் என்ற நிறுவனத்திடம் போய்ச் சேர்கின்றன. அது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, இந்தச் சுற்றில் எந்த வங்கி எவ்வளவு தர வேண்டும், எதற்கு எவ்வளவு வர வேண்டும் என்று ஒரு நிகரத் தொகைக்கு வரும். அந்தத் தொகை, வங்கிகள் பேங்க் நெகாராவில் வைத்திருக்கும் கணக்குகளுக்கு இடையே தீர்க்கப்படும். பேங்க் நெகாரா இருப்பது கோலாலம்பூரில். அங்கே விடுமுறை என்றால் வங்கிகளுக்கு இடையே கணக்குத் தீர்க்கும் வேலை நடக்காது, பெறும் வங்கியும் உங்கள் ஆன்ட்டியின் கணக்கில் வரவு வைக்காது. ஆன்ட்டியின் கிளையில் விளக்கு எரிந்ததா, கவுண்டரில் ஆள் இருந்தாரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது அவளுடைய புதன் மாலையை மறுபடி பாருங்கள். 6.20 என்பதால் புதனின் கடைசிச் சுற்று போய்விட்டது. வியாழன் கோலாலம்பூர் விடுமுறை, சுற்றே இல்லை. அடுத்த வேலை நாள் வெள்ளி, முதல் சுற்றுப் பணம் காலை 11 மணிக்குள். அதே பணத்தைப் புதன் மாலை 4.50-க்கு, வேலை இடைவேளையில் அனுப்பியிருந்தால் அன்றிரவு 11 மணிக்குள் ஆன்ட்டிக்குக் கிடைத்திருக்கும். ஒன்றரை மணி நேரம் தாமதமாக அனுப்பியது ஒன்றரை நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கட்-ஆஃப் தாண்டுவதும் விடுமுறை வருவதும் தனித்தனியாக வந்தால் அவ்வளவு வலிக்காது. இரண்டும் ஒட்டி வரும்போதுதான் நாள் கணக்கில் இழுக்கும்.

அந்த மாதமே இதைவிட நீண்ட ஓர் இழுவையும் இருந்தது. சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10 சனிக்கிழமையும் 11 ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. ஞாயிறு விடுமுறைக்குப் பதிலாகத் திங்கள் 12-ஆம் தேதியும் விடுமுறை. ஆக, 9-ஆம் தேதி வெள்ளி மாலை 5 மணிக்கு மேல் ஐபிஜி-யில் அனுப்பிய எதுவும் 13-ஆம் தேதி செவ்வாய் காலைதான் போய்ச் சேரும். எங்கள் கம்பெனியில் பெருநாளுக்கு முன் ஓட்டுநர்கள் முன்பணம் கேட்பது வழக்கம். அந்த வெள்ளியன்று மதியமே எல்லார் பட்டியலையும் வாங்கி, 2 மணிக்கு முன்பு வங்கியில் ஏற்றிவிட்டேன். முதலாளி கையெழுத்துப் போட ஒரு மணி நேரம் தாமதித்திருந்தாலும் இன்னும் ஒரு சுற்று கையில் இருந்தது. ஐந்து மணியை நெருங்கி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. இணையம் ஒரு பத்து நிமிடம் மக்கர் பண்ணினால் போதும், நாலு நாள் போய்விடும்.

கெடாக்காரர்களுக்கு இது இன்னும் குழப்பம். எங்கள் ஓட்டுநர் ஒருவர் சுங்கைப் பட்டாணியில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்தார். "அக்கா, நேத்து அனுப்பிட்டேன்னு சொன்னீங்க. இன்னைக்கு எங்க ஊர்ல பேங்க் தொறந்துதான் இருக்கு, நான் நேர்லயே போய்ப் பார்த்தேன். வரலியே." அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலை நாள். அவர் ஊர்க் கிளை திறந்திருந்தது. ஆனால் நான் அனுப்பியது ஐபிஜி, அதற்கு ஞாயிறு விடுமுறை. "திங்கக்கிழமை 11 மணிக்குப் பாருங்க அண்ணே" என்றேன். இதற்கு நேர்மாறாக, வெள்ளிக்கிழமை அவர் ஊரில் கிளை மூடியிருந்தாலும் ஐபிஜி பணம் அவர் கணக்கில் ஏறத்தான் செய்யும். ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம். கிளாந்தான், திரெங்கானுவில் இருப்பவர்களுக்கும் இதேதான். ஜொகூர் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது.

பினாங்குவாசிகள் நினைவில் வைக்க வேண்டிய எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. ஜூலை 7, ஜார்ஜ் டவுன் பாரம்பரிய நகர தினம், இங்கே விடுமுறை. 2025-இல் அது திங்கட்கிழமை வந்தது. நம் கிளைகள் மூடியிருக்கும், ஐபிஜி ஓடும். அன்று கணக்கில் பணம் கழியாது என்று நினைத்துக் கணக்கைக் காலியாக வைத்திருந்தால், தவணை எடுக்க வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். தைப்பூசம் போன்ற நாட்களில் இந்தக் குழப்பம் இல்லை. தண்ணீர்மலையில் காவடி எடுக்கும் நாளில் கோலாலம்பூருக்கும் விடுமுறைதான். ஆக, ஒரு புது வருட நாட்காட்டி கைக்கு வந்ததும் நான் செய்வது இதுதான்: பினாங்கு விடுமுறைகளுக்குப் பக்கத்தில் பிப்ரவரி 1-ஐயும் வட்டமிடுவேன், ஜூலை 7-க்குப் பக்கத்தில் 'ஐபிஜி உண்டு' என்று எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை வரும் விடுமுறைகளுக்கு மறுநாளையும் சேர்த்து வட்டமிடுவேன். அரசாங்கம் திடீரென்று அறிவிக்கும் சிறப்பு விடுமுறை மட்டும் நாட்காட்டியில் இருக்காது. 2022 பொதுத் தேர்தல் முடிந்து நவம்பர் 28-ஐ அப்படித்தான் விடுமுறையாக அறிவித்தார்கள். அதுபோன்ற செய்தி வந்தால், அந்த வாரத்தில் நிலுவையில் இருக்கும் பணங்களை உடனே ஒரு தடவை பார்த்துவிடுவேன்.

"அப்போ டுயிட்நவ் இருக்கும்போது இந்த ஐபிஜி எதுக்கு சித்தி?" என்று கேட்டாள். சரியான கேள்வி. டுயிட்நவ் 24 மணி நேரமும் ஓடும், ஞாயிறும் ஓடும், தீபாவளியன்றும் ஓடும். அதிலும் வங்கிகளுக்கு இடையேயான கணக்கு பிறகுதான் தீர்க்கப்படுகிறது. ஆனால் பெறும் வங்கி அதுவரை காத்திருக்காமல், உத்தரவு வந்ததுமே வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைத்துவிடும். வித்தியாசம் அவ்வளவுதான். வாடகை, கடன் வாங்கிய காசு, யாருக்காவது அவசரம் என்றால் டுயிட்நவ்-ஐத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் இன்னொரு நல்ல விஷயம், கணக்கு எண்ணைத் தட்டியதும் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று திரையில் காட்டும். ஐபிஜி-யில் பெயரை நீங்கள்தான் தட்டுகிறீர்கள், அது திருப்பிக் காட்டாது.

ஆனால் டுயிட்நவ் எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பி கடைசி நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளவும் கூடாது. புதிதாகக் கணக்கு திறந்தவர்களுக்கு ஒரு நாளில் அனுப்பக்கூடிய உச்சவரம்பு பெரும்பாலும் குறைவாக இருக்கும். அதை ஆப்பிலேயே ஏற்றலாம். ஆனால் ஏற்றிய உடனே அது நடைமுறைக்கு வராமல் போகலாம். கைப்பேசியை மாற்றிப் புதிதில் ஆப்பைப் பதிந்தாலும் இப்படியே. மோசடிக்காரர்கள் ஒருவரின் ஆப்பைக் கைப்பற்றி உடனடியாகக் கணக்கைத் துடைத்துவிடக் கூடாது என்பதற்காக, பேங்க் நெகாரா 2022-இல் சொன்ன பாதுகாப்பு ஏற்பாடுகளில் இந்தக் காத்திருப்பும் ஒன்று. பல வங்கிகளில் அது 12 மணி நேரம். இரவு 9 மணிக்குப் புதுப் போனில் ஆப் போட்டுவிட்டு அப்போதே வீட்டு முன்பணம் 1,500 ரிங்கிட் அனுப்பப் பார்த்தால் நடக்காது, மறுநாள் காலைதான். இது ஒரு தனி கட்-ஆஃப் மாதிரி. விடுமுறை பார்க்காமல் எந்த நாளிலும் வரும். அதனால் வாடகைக்கோ முன்பணத்துக்கோ தேவையான வரம்பை ஒரு சாதாரண நாளில், அவசரம் இல்லாதபோதே ஏற்றி வைத்துவிடுங்கள். தேவைக்கு மேல் ஏற்றவும் வேண்டாம். வரம்பு குறைவாக இருப்பது உங்களுக்கே காவல்.

ஐபிஜி-யைத் தெரிந்து வைத்திருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. வேறு வங்கியின் கிரெடிட் கார்டுக்கோ, கார் கடனுக்கோ கட்டும்போது சில ஆப்களில் ஐபிஜி ஒன்றுதான் வழி. கம்பெனிகள் மொத்தமாகச் சம்பளம் போடுவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். ஆகவே ஐபிஜி-யை நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டாலும் அது உங்கள் வாழ்க்கையில் இருக்கும். கிரெடிட் கார்டில் இது காசாகவே உறைக்கும். தாமதக் கட்டணம் நிலுவைத் தொகையில் 1 விழுக்காடு, குறைந்தது 10 ரிங்கிட், அதிகபட்சம் 100 ரிங்கிட். கடைசித் தேதி திங்கட்கிழமை என்றால், வெள்ளி மாலை 5 மணிக்கு மேல் அனுப்பியது திங்கள் காலையில்தான் வரும். அந்தத் திங்கள் கோலாலம்பூருக்கு விடுமுறையாக இருந்தால் செவ்வாய்க்குப் போய்விடும். கார்டுக்குக் கட்டும் காசை நான் கடைசித் தேதிக்கு மூன்று வேலை நாள் முன்னதாக அனுப்பிவிடுவேன். கோலாலம்பூர் நாட்காட்டிப்படி மூன்று நாள்.

சம்பளம் பற்றி ஒரு சிறு விளக்கம், ஏனென்றால் ஓட்டுநர்கள் என் மேல் கோபப்படுவது இதில்தான். வேலைவாய்ப்புச் சட்டம் 1955 படி, சம்பள மாதம் முடிந்து ஏழாவது நாளுக்குள் சம்பளம் வந்துவிட வேண்டும். மாதக் கடைசி நாளில் போடுவது கம்பெனியின் வழக்கமாக இருக்கலாம், சட்டம் அதற்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. மாதக் கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் சில கம்பெனிகள் முன்னதாகப் போடும், சில அடுத்த வேலை நாளில் போடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அலுவலகத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், வாடகைத் தேதியை அதற்கேற்ப வீட்டுக்காரரிடம் பேசி வைக்கலாம். என் அக்கா மகள் பிறகு ஆன்ட்டியிடம் பேசி, வாடகையை 3-ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டாள். ஆன்ட்டியும் ஒப்புக்கொண்டார். அவருக்கு வேண்டியது தேதி அல்ல, சொன்ன நாளில் காசு வருவதுதான்.

தமிழ்நாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு இரண்டு நாட்காட்டி வேண்டும். இங்கே வங்கி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பினால் நம் விடுமுறையும் அவர்கள் விடுமுறையும் சேர்ந்து எண்ணப்படும். இந்தியாவில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகள் மூடியிருக்கும். பொங்கலுக்கு அங்கே மூடுவார்கள், இங்கே வேலை நாள். பொங்கல் செலவுக்கு அனுப்புவதானால் ஒரு வாரம் முன்னாடியே அனுப்பிவிடுவது நல்லது.

சரி, பணம் வர வேண்டிய நேரம் தாண்டியும் வரவில்லை என்றால்? முதலில் உங்கள் ரசீதை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த வழியில் அனுப்பினீர்கள், எத்தனை மணிக்கு, கணக்கு எண் சரியா. Successful என்று இருப்பதை நம்பி நிம்மதியாகிவிட வேண்டாம். ஐபிஜி-யில் அதற்கு அர்த்தம், உங்கள் வங்கி உத்தரவை வாங்கிக்கொண்டு காசைக் கழித்துவிட்டது என்பது மட்டும்தான். அந்தப் பக்கம் ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை. நேரத்தைப் பார்த்து அது எந்தச் சுற்று, கோலாலம்பூரில் அடுத்த வேலை நாள் எது என்று கணக்குப் போடுங்கள். அந்த நேரம் வரும்வரை இன்னொரு தடவை அனுப்பாதீர்கள். இரண்டும் போய்ச் சேர்ந்தால், ஒன்றைத் திரும்பக் கேட்டு வாங்குவது பெறுபவரின் மனதைப் பொறுத்த விஷயம்.

பெறுபவர் தன் கிளையில் போய் நிற்பதும் வீண். சுற்று வந்து சேரும்வரை அவர் வங்கியின் திரையில் எதுவும் தெரியாது, அதனால்தான் அந்தக் கவுண்டர் பெண் "வரவில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தேட வேண்டியது அனுப்பியவரின் வங்கியில்தான். ரசீதில் இருக்கும் குறிப்பு எண், தேதி, நேரம், தொகை, பெறுபவரின் கணக்கு எண் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வங்கியை அழைத்தால், அது எந்தச் சுற்றில் போனது, ஏற்கப்பட்டதா, திரும்பிவிட்டதா என்று அவர்களால் பார்த்துச் சொல்ல முடியும்.

கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறி, அப்படி ஒரு கணக்கே இல்லாமல் இருந்தால் பணம் உங்களிடமே திரும்பி வரும். ஆனால் அது உடனே நடக்காது. சுற்று அங்கே போய், பெறும் வங்கி ஏற்க மறுத்து, அடுத்த சுற்றுகளில் ஒன்றில்தான் திரும்பும். காலையில் அனுப்பியது இரவுக்குள் வரலாம், பிற்பகலில் அனுப்பியது மறு வேலை நாள்தான். விடுமுறைக்கு முந்தின நாள் மாலையில் தப்பான எண்ணுக்கு அனுப்பினால், போவதற்கு ஒரு விடுமுறையைக் கடந்து, பிறகு திரும்பி வரவும் நேரம் எடுக்கும். அந்த எண் வேறு ஒருவரின் உண்மையான கணக்காக அமைந்துவிட்டால் நிலைமை மோசம், அவர் சம்மதம் கேட்டு வங்கி முயற்சி செய்ய வேண்டியிருக்கும். அதனால் ஒருவருக்கு முதல் தடவை அனுப்பும்போது மட்டுமாவது டுயிட்நவ்-இல் எண்ணைத் தட்டி, திரையில் வரும் பெயரைப் பார்த்து, ஒரு ரிங்கிட் அனுப்பி, "வந்ததா?" என்று கேட்டுவிட்டு, அந்த எண்ணை ஆப்பில் சேமித்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். அடுத்த மாதத்திலிருந்து சேமித்த பெயரைத் தட்டினால் போதும். வாடகையை மாதாமாதம் தானாகப் போகும்படி அமைத்து வைப்பதாக இருந்தால், தேதியை 1-ஆக வைக்காமல் முந்தைய மாதம் 27 அல்லது 28-ஆக வையுங்கள். ஜனவரி மாதத்துக்கு மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, பிப்ரவரி 1 எந்தக் கிழமையில் வந்தாலும் அதற்குள் காசு போய்ச் சேர்ந்திருக்கும்.